மோட்டார் நேம் பிளேட் எழுத்து போட்டோவில் தெரிய மாட்டேன் என்கிறது, எப்படி எடுப்பது?

கிணத்துக்கடவு_மோட்டார்

வணக்கம். பழைய பம்ப்செட் வாங்கி, தேவைப்பட்டால் காயில் கட்டி, விற்கிறேன். போட்டோ போட்டவுடன் வருகிற முதல் கேள்வி "நேம் பிளேட் தெளிவா அனுப்புங்க" என்பதுதான். அனுப்பினால் "ஆம்ப்ஸ் என்ன போட்டிருக்கு, ஆர்பிஎம் தெரியல, சீரியல் நம்பர் படிச்சுச் சொல்லுங்க" என்று மறுபடி போன். இப்போது கையில் இருப்பது 3 எச்பி, மூணு பேஸ் மோனோபிளாக். அலுமினியத் தகடு, உள்ளங்கை அகலம். வெயிலில் எடுத்தால் தகட்டில் பாதி வெள்ளையாக எரிந்துவிடுகிறது, ஷெட்டுக்குள் பிளாஷ் போட்டால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம். பம்ப் கேசிங்கில் வார்ப்பிலேயே வந்த கம்பெனி லோகோவும் இருக்கிறது, நேரில் நன்றாகத் தெரிகிறது, படத்தில் வெறும் சாம்பல் நிற மேடு. போன் நல்ல போன்தான், 50 மெகாபிக்சல். என்ன செய்யலாம்?

புதுசு_வியாபாரி

அண்ணா, லோகோவுக்குத் தனியாகப் போட்டோ எடுக்க வேண்டியதே இல்லை. இலவச எடிட்டிங் ஆப் நிறைய இருக்கிறது, பின்னணி இல்லாத படமாக லோகோவைச் சேமித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்திலும் கீழ் மூலையில் ஒட்டிவிடுங்கள். நான் என் புடவைப் படங்களுக்கு அப்படித்தான் செய்கிறேன், யாரும் திருடவும் முடியாது.

கிணத்துக்கடவு_மோட்டார்

தம்பி, நீங்கள் சொல்வது கடை லோகோ. நான் கேட்பது மோட்டார் மேலேயே இருக்கிற கம்பெனி பெயர், மாடல், சீரியல் எண். அதை நான் ஒட்டினால் போலி என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

நிழலும்_ஒளியும்

முதலில் ஒன்று சொல்லுங்கள். தகட்டில் எண்கள் அச்சடித்ததா, பஞ்ச் அடித்ததா? பெரும்பாலான மோட்டார் தகட்டில் இரண்டும் இருக்கும். கம்பெனி பெயர், கட்டங்கள், "ஆம்ப்ஸ்", "சீரியல் எண்" போன்ற தலைப்புகள் எல்லாம் கறுப்பு மையில் அச்சாகி வரும். கட்டத்துக்குள் இருக்கும் எண்களை மட்டும் பிறகு பஞ்ச் அடித்திருப்பார்கள். இந்த இரண்டுக்கும் வெளிச்சம் எதிரெதிராக வேண்டும், ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்கப் போவதால்தான் தொல்லை.

அச்செழுத்துக்கு நிறம் இருக்கிறது, அதனால் எல்லாப் பக்கமிருந்தும் பரவி வருகிற மெதுவான வெளிச்சம் போதும். பஞ்ச் அடித்த எண்ணுக்கு நிறமே கிடையாது. தகடும் அலுமினியம், பள்ளமும் அலுமினியம். அது கண்ணுக்குத் தெரிவது பள்ளத்துக்குள் விழும் நிழலால் மட்டும்தான். பிளாஷ் நேர் எதிரிலிருந்து அடிக்கும்போது நிழல் எங்கே விழும்? எங்கும் விழாது. அதனால் பிளாஷை அடியோடு அணைத்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மோட்டாரை நிழலுக்குக் கொண்டுபோங்கள். இன்னொரு போனின் டார்ச்சை எடுத்து, தகட்டுக்கு மேலே தூக்கிப் பிடிக்காமல், பக்கவாட்டில் தகட்டோடு உரசுகிற மாதிரி தாழ்வாக, ஒரு முழ தூரத்திலிருந்து அடியுங்கள். எண்கள் உடனே எழும்பி நிற்கும். கேசிங் லோகோவுக்கும் இதே வைத்தியம்தான், அது மேடு, இது பள்ளம், அவ்வளவுதான் வித்தியாசம். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தால் லோகோவுக்கு டார்ச் கூட வேண்டாம்.

பழைய_இரும்பு

இவ்வளவு எதற்கு. சாக்பீஸை எடுத்துத் தகட்டில் நன்றாகத் தேய்த்து, மேலாகத் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். வண்டி சேஸிஸ் நம்பர் படிக்க நாங்கள் காலங்காலமாகச் செய்வது. அழுக்கு இருந்தால் முதலில் தின்னர் போட்டுத் துடையுங்கள், பளிச்சென்று ஆகிவிடும்.

நிழலும்_ஒளியும்

சாக்பீஸ் சரி. ஆனால் பளபளக்கிற அலுமினியத்தில் வெள்ளைச் சாக்பீஸ் அவ்வளவாக எடுபடாது, வெள்ளையின் மேல் வெள்ளை. துருவேறிக் கறுத்த இரும்பு, பெயின்ட் அடித்த சேஸிஸ், அங்கேதான் அதன் வேலை. அலுமினியத் தகட்டுக்கு அடுப்புக்கரித் தூளோ பென்சில் தூளோ தேய்த்துப் பாருங்கள்.

தின்னர் மட்டும் வேண்டவே வேண்டாம். அச்சு மை அதோடு துணியில் வந்துவிடும், கம்பெனி பெயரே போய்விடும். கிரீஸ் படிந்திருந்தால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு ஓரத்தில் ஒரு இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள், மை வரவில்லை என்றால் மட்டும் மேலே போங்கள். பல தகடுகளுக்குப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் போதும். உப்புத்தாள், கம்பி நார் எதுவும் தொடக்கூடாது, தேய்த்த கோடுகள் டார்ச் வெளிச்சத்தில் எண்களைவிட அதிகமாகத் தெரியும்.

பழைய_இரும்பு

நீங்கள் சொல்வது அச்சுத் தகட்டுக்கு. முழுக்கப் பஞ்ச் அடித்த தகட்டுக்குத் தின்னர் போட்டால் ஒன்றும் ஆகாது, நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிழலும்_ஒளியும்

அது சரிதான். அச்சு இல்லாத தகடு என்று உறுதியாகத் தெரிந்தால் பயமில்லை.

கண்ணாடி_மாமா

யாரும் போலரைஸ்டு கண்ணாடியைச் சொல்லவில்லையே? பைக் ஓட்டப் போடுகிற அந்தக் கூலிங் கிளாஸை லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுற்றினால் பளபளப்பு மொத்தமாகக் காணாமல் போகும். கார் கண்ணாடிக்குள்ளே இருப்பதைக் கூட எடுக்கலாம். மோட்டார் தகடு எம்மாத்திரம், வெயிலிலேயே எடுங்கள்.

நிழலும்_ஒளியும்

மாமா, கார் கண்ணாடிக்கு அது வேலை செய்வது உண்மை. பிளாஸ்டிக் ஸ்டிக்கர், லேமினேட் செய்த லேபிள், பாலிஷ் போட்ட பெயின்ட், இவற்றுக்கும் செய்யும். பூசாத உலோகத்துக்குச் செய்யாது. கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் சாய்வாகப் பட்டுத் திரும்புகிற ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது, அதனால் வடிகட்ட முடிகிறது. உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அப்படி ஒழுங்காவதில்லை. கண்ணாடியில் கூட நேர் எதிரில் நின்றால் பலன் இல்லை, கிட்டத்தட்ட 55 டிகிரி சாய்வில் நிற்கும்போதுதான் முழுப் பலன். சந்தேகம் இருந்தால் எவர்சில்வர் தட்டை வெயிலில் வைத்துக் கூலிங் கிளாஸைச் சுற்றிப் பாருங்கள், பளபளப்பு அப்படியே இருக்கும்.

உலோகத் தகட்டுக்கு வேறு வழி. அது ஒரு மங்கலான முகம் பார்க்கும் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் தகட்டுக்குள் என்ன தெரிகிறது? வானம் தெரிந்தால் தகடு வெளுக்கும். உங்கள் வெள்ளைச் சட்டை தெரிந்தாலும் வெளுக்கும். அந்த இடத்தில் ஒரு கறுப்புத் துணியையோ குடையையோ பிடித்தால் தகடு இருண்டுவிடும், பக்கவாட்டு டார்ச் வெளிச்சத்தில் பஞ்ச் அடித்த எண்களின் விளிம்பு மட்டும் மின்னும். மையில் அச்சடித்த பகுதிக்கு அதே இடத்தில் வெள்ளைத் தெர்மக்கோல் பலகை பிடியுங்கள், தகடு ஒரே சீராக வெளுத்து, கறுப்பு எழுத்து தெளிவாக நிற்கும். அதனால் தகட்டுக்கு இரண்டு படம்.

தையல்கடை_அக்கா

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு மோட்டார் இல்லை, பழைய சிங்கர் மிஷின். கறுப்பு உடம்பில் தங்க நிற எழுத்தில் பெயர் இருக்கும் இல்லையா, அது ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் தகதக என்று இருக்கிறது, போட்டோவில் மட்டும் பழுப்பாக மங்கிப்போகிறது. மேல் கை வளைவாக இருப்பதால் ஜன்னல் ஒன்று அப்படியே நீளமாக அதில் விழுந்து எழுத்தை மறைக்கிறது. வாங்குகிறவர்கள் எழுத்து தேய்ந்துபோன மிஷின் என்று விலையைக் குறைக்கிறார்கள்.

நிழலும்_ஒளியும்

இதில் என்ன மன்னிப்பு, நல்ல கேள்வி. உங்களுக்கு மாமாவின் கூலிங் கிளாஸ்தான் மருந்து. அந்தக் கறுப்பு எனாமல் உலோகம் இல்லை, அதன் மேல் விழுகிற ஜன்னல் பிம்பத்தைப் போலரைசர் நன்றாகவே குறைக்கும். தங்க எழுத்து உலோகத் தன்மை கொண்டது, அதன் மினுக்கம் அவ்வளவு குறையாது. சாய்வாக நின்று, கண்ணாடியை மெதுவாகச் சுற்றி, ஜன்னல் மங்குகிற இடத்தில் நிறுத்திப் படம் எடுங்கள்.

எழுத்து பழுப்பாகத் தெரிகிறது என்றால் அதற்குள் பிரதிபலிக்க வெளிச்சமாக எதுவும் இல்லை என்று பொருள். மிஷினுக்கு எதிரே, கேமராவுக்குச் சற்று மேலே, ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துத் தொங்கவிடுங்கள். தங்கம் எரியும், கறுப்பு லேசாகத்தான் சாம்பலாகும். சீரியல் எண் பொதுவாக அடிப்பலகையில் வலது பக்கம் பஞ்ச் அடித்திருக்கும், அதற்கு டார்ச் வழிதான்.

கண்ணாடி_மாமா

பார்த்தீர்களா, வேலை செய்கிறது என்றுதானே நானும் சொன்னேன்.

கிணத்துக்கடவு_மோட்டார்

டார்ச் வைத்து எடுத்தேன். ராத்திரியும் பகலும் போல வித்தியாசம். கேசிங் லோகோ இப்போது தொட்டுப் படிக்கலாம் போல இருக்கிறது. ஆனால் ஒரு குழப்பம். இடது பக்கமிருந்து டார்ச் அடித்து எடுத்த படத்தில் சீரியல் எண்ணின் மூன்றாவது இலக்கம் 1 என்று தெரிகிறது. மேலிருந்து அடித்து எடுத்ததில் 7 மாதிரி, ஆனால் கால் இல்லாமல் தலைக்கோடு மட்டும் இருக்கிறது. நேரில் குனிந்து பார்த்தால் 7. படம் ஏன் பொய் சொல்கிறது?

ஆம்ப்ஸ் இடத்தில் 4.7 என்று அடித்திருக்கிறது, படத்தில் 47 என்று வருகிறது. இரண்டு பேர் அதைக் கேட்டே போன் செய்துவிட்டார்கள்.

நிழலும்_ஒளியும்

படம் பொய் சொல்லவில்லை. எழுத்தின் கோடும் வெளிச்சம் ஓடும் திசையும் ஒரே போக்கில் இருந்தால் அந்தக் கோட்டுக்கு நிழல் விழாது. இடமிருந்து அடிக்கும்போது படுக்கைக் கோடுகள் எல்லாம் மறையும், 7-இன் தலை போய் 1 ஆகிவிடும். மேலிருந்து அடிக்கும்போது நிற்கிற கோடுகள் மறையும். அதனால் தகட்டின் இடது மேல் மூலையிலிருந்து குறுக்காக அடியுங்கள், இரண்டு வகைக் கோட்டுக்கும் நிழல் கிடைக்கும். பிறகு வலது மேல் மூலையிலிருந்து இன்னொன்று. 3, 8, ஆங்கில பி, இவை ஒன்றுக்கொன்று மாறுவதும் பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். இரண்டு படத்திலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற இலக்கம்தான் உறுதியான இலக்கம்.

கீழிருந்து டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும், அதனால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் மாறித் தெரியும், பார்க்கிறவர் தடுமாறுவார்.

புள்ளி விஷயம் வேறு. சின்னப் பஞ்ச், ஆழமும் இல்லை, அதில் அழுக்கு அடைத்திருந்தால் எந்த வெளிச்சத்திலும் தெரியாது. ஊசி முனையால் அழுக்கை எடுத்துவிட்டு எடுங்கள். விஷயம் தெரிந்தவர் 3 எச்பிக்கு 415 வோல்ட்டில் 47 ஆம்ப்ஸ் வராது, சுமார் 5 தான் என்று புரிந்துகொள்வார், ஆனால் எல்லோரும் அப்படி இல்லையே. படத்துக்குக் கீழே தகட்டில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்துவிடுங்கள்.

வால்பாறை_வாசகன்

நானும் கேட்கிறேன். எனக்கு வெளிச்சம் பிரச்சினை இல்லை, போக்கஸ்தான். எண் பெரிதாகத் தெரியட்டும் என்று போனைக் கிட்டக் கொண்டுபோனால் திடீரென்று படம் ஒரு குலுக்குக் குலுக்கி மாறிவிடுகிறது, அப்புறம் எழுத்து ஓரமெல்லாம் குழைந்து இருக்கிறது.

நிழலும்_ஒளியும்

அந்தக் குலுக்கல், போன் தானாக முதன்மை லென்ஸிலிருந்து அகல லென்ஸுக்கு மாறுகிற நேரம். கேமராவில் மேக்ரோ என்று ஒரு பூ அடையாளம் வரும், அதை அணைத்துவிடுங்கள். பல போன்களின் முதன்மை லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வந்தால் போக்கஸ் ஆகாது. கிட்டப் போவதற்குப் பதில் ஒன்றரை அடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். எழுத்து நேராக இருக்கும், உங்கள் கை நிழலும் தகட்டில் விழாது. ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று இழுத்தால் தனி ஜூம் லென்ஸ் இல்லாத போன்களில் எழுத்து மெழுகாக உருகிவிடும். போர்ட்ரெயிட் முறையில் எடுக்கவே கூடாது, மோட்டாரைத் தெளிவாக வைத்துத் தகட்டை மங்கலாக்கிய படங்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு வெளிச்ச அளவு. மோட்டார் உடம்பு அடர்ந்த நிறம், நடுவில் சின்னதாக வெள்ளித் தகடு. போன் மொத்தத்தையும் பார்த்து வெளிச்சத்தை ஏற்றும், தகடு எரிந்துபோகும். தகட்டின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுங்கள், திரையில் தகடு கொஞ்சம் இருட்டாகத் தெரிகிற வரைக்கும். உடம்பு கறுத்துப் போனாலும் பரவாயில்லை, அது வேறு படத்தில் இருக்கிறது. போனை ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்து இரண்டு நொடி டைமர் போட்டால் ஆட்டமும் இருக்காது.

சிவகாசி_சிவப்பு

எல்லாம் சரி, என் போனில் தெளிவாக இருக்கிற படம் வாடிக்கையாளருக்குப் போனதும் மங்குகிறதே, அதற்கு என்ன?

நிழலும்_ஒளியும்

வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்குகிறது, நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு இறங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு பம்ப்செட்டும் சுற்றிக் கொஞ்சம் தரையும் சேர்த்து 80 சென்டிமீட்டர் அகலம் படத்தில் இருக்கிறது என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு 2 பிக்சல். பஞ்ச் எண் 3 மில்லிமீட்டர் உயரம், ஆக ஓர் எண்ணுக்கு 6 பிக்சல். அதில் 8-ஐயும் 3-ஐயும் யாராலும் பிரிக்க முடியாது. அதே தகட்டை மட்டும் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு நிரப்பி எடுத்தால் ஓர் எண்ணுக்கு 30 பிக்சலுக்கு மேல் கிடைக்கும், சுருங்கின பிறகும் படிக்கலாம். 50 மெகாபிக்சல் போன் இருந்தும் ஒரே படத்தில் எல்லாம் வராதது இதனால்தான்.

அனுப்பும்போது மேலே எச்டி என்ற பொத்தானை அழுத்துங்கள், அல்லது டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், அப்போது சுருக்கமே இருக்காது. ஆனால் டாக்குமென்ட் ஆகப் போகும் படத்தோடு எடுத்த இடத்தின் விவரமும் சேர்ந்து போகலாம். வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிறவர்கள் கேமராவில் லொகேஷனை அணைத்து வைப்பது நல்லது.

பழைய_இரும்பு

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. தகட்டை மட்டும் வெட்டியெடுத்த மாதிரி நெருங்கி எடுத்தால் நான் வாங்க மாட்டேன். அந்தத் தகடு அந்த மோட்டார் மேல்தான் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தொழிலில் தகடு கழன்று வேறு பாடியில் ஏறுவது புதிதில்லை. மூலை ரிவிட் நாலும் தெரிய வேண்டும், சுற்றிக் கொஞ்சம் பாடி பெயின்ட்டும் தெரிய வேண்டும். பாடி பெயின்ட் பழசாக இருந்து ரிவிட் மட்டும் பளபளத்தால் அங்கேயே கேள்வி கேட்பேன். கரி, சாக்பீஸ் தேய்த்த படம் அனுப்பினால் தேய்க்காத படமும் கூடவே வேண்டும்.

நிழலும்_ஒளியும்

இது என் பக்கம் விட்டுப்போன நல்ல விஷயம். அப்படியென்றால் மூன்று தூரத்தில் எடுங்கள். முழு பம்ப்செட், கேசிங் லோகோ தெரிகிற பக்கம். அடுத்து டெர்மினல் பாக்ஸும் தகடும் ஒன்றாக வருகிற பாதித் தூரம். கடைசியாகத் தகடு, ரிவிட்டோடு. நடுவில் இருக்கிற படம்தான் மற்ற இரண்டையும் கட்டிப்போடுகிறது, அதைப் பலர் எடுப்பதில்லை.

கிணத்துக்கடவு_மோட்டார்

மூணும் எடுத்துப் போட்டுவிட்டேன். இப்போது வருகிற போன் விலை கேட்க மட்டும்தான் வருகிறது.

சிவகாசி_சிவப்பு

சீரியல் நம்பரை இப்படி முழுசாகப் பொதுவில் போடலாமா? என் படத்தை எடுத்து இன்னொருத்தர் அதே பொருளை விற்பதாகப் போட்டு முன்பணம் வாங்கியிருக்கிறார், வாங்கினவர் என் நம்பரைத் தேடிப் பிடித்து என்னிடம் சண்டை. அதிலிருந்து கடைசி நாலு இலக்கத்தை மறைத்துத்தான் போடுகிறேன்.

பழைய_இரும்பு

மோட்டாருக்கு என்ன பயம்? மறைத்த நம்பரைப் பார்த்தாலே திருட்டுச் சரக்கோ என்று தோன்றும்.

தையல்கடை_அக்கா

செல்போன், லேப்டாப் என்றால் மறைக்கத்தான் வேண்டும் அண்ணா, நம்பரை வைத்து வாரன்டி கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்கிறார்கள். மிஷினுக்கு நான் முழுசாகத்தான் போடுகிறேன், அதைப் பார்த்துத்தான் எந்த வருஷ மிஷின் என்றே கண்டுபிடிக்கிறார்கள்.

நிழலும்_ஒளியும்

மறைப்பதா வேண்டாமா என்பதில் நான் தலையிடவில்லை. மறைப்பதென்றால் மங்கலாக்காமல், கெட்டியான கறுப்புக் கட்டம் போட்டு மறையுங்கள். போனில் இருக்கிற ஹைலைட்டர் பேனாவால் கிறுக்கினால் வெளிச்சத்தை ஏற்றி அடியில் இருப்பதைப் படித்துவிடலாம். நேரில் விசாரிக்கிறவருக்கு மறைக்காத படத்தைத் தனியாக அனுப்பலாம்.

பழைய_இரும்பு

அப்படியென்றால் நான் எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உடுமலை_போர்வெல்

சப்மெர்சிபிளுக்கு என்ன வழி? தகடே கிடையாது, எவர்சில்வர் குழாய் மேலேயே லேசரில் எழுதியிருக்கிறது, எங்கே நின்றாலும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.

நிழலும்_ஒளியும்

லேசர் எழுத்தில் ஆழம் இல்லாததால் டார்ச் உதவாது. உருளையில் அந்த வெள்ளைக் கோட்டை முழுக்க ஒழிக்க முடியாது, நகர்த்தத்தான் முடியும். நிழலில் வைத்து, எதிரே வெள்ளைத் துணி தொங்கவிட்டால் கோடு அகலமாகி மென்மையாகும், எழுத்து அந்த அகலத்துக்குள் கறுப்பாகத் தெரியும். குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, ஒவ்வொரு படமும் முந்தையதோடு ஓரிரு எழுத்து சேர்ந்து வருகிற மாதிரி எடுங்கள். துணி இல்லாமல் ஒரு படம், துணியோடு ஒரு படம் போடுங்களேன், பார்த்துச் சொல்கிறேன்.

உடுமலை_போர்வெல்

பம்ப் இப்போது 600 அடி கிணற்றுக்குள் இருக்கிறது. ஏற்றும்போது எடுத்துப் போடுகிறேன்.